ஒரு எண் எலும்பு என்றது, ஒரு எண் குடி என்றது... இரண்டும் சேர்ந்து சொன்னது என்ன?

அவருக்கு அரிப்பு ராத்திரியில்தான் வரும். பகலில் ஒன்றும் இருக்காது. பத்து மணிக்கு விளக்கை அணைத்துப் படுத்ததும் உள்ளங்காலில் தொடங்கும். பிறகு உள்ளங்கை. தடிப்பு இல்லை, சிவப்பு இல்லை, பூச்சி கடித்த தடமும் இல்லை. கட்டில் சட்டத்தில் காலைத் தேய்த்துத் தேய்த்துப் பார்ப்பார். முடியாமல் எழுந்துபோய், குளியலறையில் காலில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நிற்பார்.

வயது 63. திண்டுக்கல் பக்கம் ஊர். அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ``முப்பது வருஷம் இன்ஜின் மேல காலை வெச்சிருந்த சூடு, இப்ப இறங்குது" என்று அவரே ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தார். மனைவி வெந்தயம் ஊறவைத்துக் கொடுத்தார். மெடிக்கல் ஷாப்பில் ஒரு களிம்பு கொடுத்தார்கள். சோப்பை மாற்றினார்கள். ஒரு மாதம் ஓடியது.

அரிப்பு நிற்கவில்லை. ஆனால், அதைவிடப் பெரிய பிரச்னை ஒன்று அந்த வீட்டுக்குள் வந்தது. அதைக் கொண்டுவந்தது ஒரு ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்.

முதல் எண்

உண்மையில் ரிப்போர்ட் ஒன்றல்ல, இரண்டு. முதலாவது, அரிப்பு தொடங்குவதற்குச் சில வாரங்களுக்கு முன்பே எடுத்தது. முழங்கால் வலிக்காகத் தெருமுனை கிளினிக்குக்குப் போனபோது, சில ரத்தப் பரிசோதனைகள் எழுதிக் கொடுத்தார்கள். அதில் ஆல்கலைன் பாஸ்பேட்டேஸ் என்று ஒரு வரி. சுருக்கமாக ஏ.எல்.பி. அந்த லேபில் 130 வரை நார்மல். அவருக்கு 218.

``எலும்புல சத்து குறைஞ்சா இது ஏறும். வயசாகுதுல்ல" என்று கால்சியமும் வைட்டமின் டி மாத்திரையும் கொடுத்து அனுப்பினார்கள்.

அது அடியோடு தப்பான யோசனையும் இல்லை. ஏ.எல்.பி என்ற நொதி கல்லீரலில் இருக்கிறது, எலும்பிலும் இருக்கிறது. எலும்பு வேகமாக வளரும்போதோ, முறிந்து கூடும்போதோ, வைட்டமின் டி குறைந்து எலும்பு பலவீனமாகும்போதோ ரத்தத்தில் இது கூடும். வளரும் பிள்ளைகளுக்கு, பெரியவர்களின் அளவைவிட இரண்டு மூன்று மடங்கு இருப்பதுகூட இயல்புதான். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் நஞ்சுக்கொடியிலிருந்தும் இது வரும். ஆக, ஏ.எல்.பி மட்டும் தனியாகக் கூடியிருந்தால், அது எங்கிருந்து வருகிறது என்று அந்த எண்ணைப் பார்த்து மட்டும் சொல்ல முடியாது.

முழங்கால் வலி என்று போனவருக்கு எலும்பு என்ற பதில் கிடைத்தது. அவரும் தினமும் ராத்திரி கால்சியம் மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுத்தார். அரிப்பு வந்தபோது, அதையும் இதையும் சேர்த்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

இரண்டாவது எண்

கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மகள், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வந்தபோது அப்பாவின் காலைப் பார்த்தார். சொறிந்து சொறிந்து தோல் உரிந்திருந்தது. ஆளும் இளைத்திருந்தார். ``சர்க்கரை இருக்கான்னு பார்த்துடலாம்ப்பா" என்று மறுநாளே லேபுக்கு அழைத்துப் போனார். சர்க்கரை, சிறுநீரகம், கல்லீரல் எல்லாம் சேர்ந்த பேக்கேஜ். மாலையில் ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில் வந்தது.

சர்க்கரை இல்லை. சிறுநீரகமும் சரி. ஆனால், கல்லீரல் பக்கத்தில் ஒரு வரி தடித்த எழுத்தில் இருந்தது. காமா குளூட்டமைல் டிரான்ஸ்ஃபரேஸ், சுருக்கமாக ஜி.ஜி.டி. 60 வரை இருக்கலாம். அப்பாவுக்கு 486.

மகள் போனில் தேடினார். முதலில் கண்ணில் பட்ட சொல், மது.

இந்த வீட்டில் அந்தச் சொல்லுக்கு ஒரு வரலாறு உண்டு. அவர் குடித்துக்கொண்டிருந்தவர். டியூட்டி முடித்து வந்தால் குடிப்பார். மாட்டுக் கொட்டகையில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், ஒருமுறை அரிசி டிரம்முக்குள்ளும் பாட்டிலை ஒளித்து வைத்திருந்தார். 11 வருடங்களுக்கு முன்பு, மகளின் கல்யாணப் பேச்சு ஆரம்பித்தபோது விட்டார். பிறகு தொடவில்லை. மகளின் கல்யாணத்தில் அவர் தெளிந்த கண்களோடு பந்தலில் நின்றதை இன்றைக்கும் உறவுக்காரர்கள் சொல்வார்கள்.

மகள் அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்றுதான் நினைத்தார். ஆனால், லேபில் பேப்பரை வாங்கப் போனது அம்மா. ``குடிக்கிறவங்களுக்குத்தான்மா பெரும்பாலும் இப்படி ஏறும்" என்று அங்கே இருந்த பையன் சாதாரணமாகச் சொல்லிவிட்டான்.

அம்மா சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்று மகள் பிறகு சொன்னார். அம்மா பேசுவதை நிறுத்திவிட்டார். சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு உள்ளே போனார். மறுநாள் காலையில் அவர் நடைப்பயிற்சிக்குப் போன நேரத்தில், அரிசி டிரம்மின் மூடியைத் திறந்து கையை விட்டுத் துழாவினார். தொட்டிக்குப் பின்னால் போய்ப் பார்த்தார். அவர் தோளில் போட்டுக் கழற்றிய துண்டை எடுத்து மோந்து பார்த்தார். அந்த நேரத்தில் அவர் வாசலில் வந்து நின்றுகொண்டிருந்தார்.

``ஏம்மா, நான் குடிக்கலை" என்றார்.

``நீங்க அப்பயும் இப்படித்தான சொல்வீங்க" என்றார் அம்மா.

அதற்கு அவரிடம் பதில் இல்லை. உண்மைதானே, அப்போதும் அப்படித்தான் சொன்னார்.

அடுத்த வரியைப் பார்த்தவர்

மூன்றாம் நாள், திண்டுக்கல்லில் குடல், கல்லீரல் நோய் பார்க்கும் ஒரு டாக்டரம்மாவிடம் மகள் இருவரையும் அழைத்துப் போனார். பழைய ரிப்போர்ட்டையும் ஃபைலில் வைத்திருந்தார். அதுதான் நல்லதாகப் போயிற்று.

டாக்டரம்மா இரண்டு பேப்பர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். புதிய ரிப்போர்ட்டில் ஜி.ஜி.டிக்கு மேலே இரண்டு வரி தள்ளி இருந்த எண்ணைப் பேனாவால் வட்டமிட்டார். ஏ.எல்.பி, 412. இரண்டு மாதங்களுக்கு முன்பு 218 ஆக இருந்தது, ஏறக்குறைய இரண்டு மடங்காகியிருந்தது. வீட்டில் யாரும் அதைக் கவனிக்கவில்லை. 486 என்ற எண்ணைப் பார்த்த கண், அதற்குமேல் எதையும் பார்க்கவில்லை.

``முன்னாடி இது ஒண்ணை மட்டும் பார்த்து எலும்புன்னு நினைச்சாங்க. இப்ப நீங்க அது ஒண்ணை மட்டும் பார்த்து குடின்னு நினைச்சிட்டீங்க. ரெண்டும் ஒண்ணா ஏறியிருக்குல்ல, அதைப் பாருங்க" என்றார்.

அவர் விளக்கியது இதுதான். ஜி.ஜி.டி கல்லீரலிலும் பித்தக்குழாய்களின் உள்சுவரிலும் நிறைய இருக்கிறது. ஆனால், எலும்பில் இல்லை. அதனால் எலும்புக் கோளாறில் ஏ.எல்.பி ஏறினாலும் ஜி.ஜி.டி அப்படியே இருக்கும். இரண்டும் சேர்ந்து ஏறினால், அந்த ஏ.எல்.பி எலும்பிலிருந்து வரவில்லை, கல்லீரல் பக்கத்திலிருந்துதான் வருகிறது என்று புரிந்துகொள்ளலாம். வெறும் ஏ.எல்.பி மட்டும் கூடியிருக்கும்போது டாக்டர்கள் ஜி.ஜி.டியையும் எடுத்துவரச் சொல்வது இதற்காகத்தான்.

மறுபக்கம், ஜி.ஜி.டி ரொம்பத் தொட்டால்சிணுங்கியான நொதி. மதுவுக்கு ஏறும். வலிப்புக்குக் கொடுக்கும் சில மாத்திரைகளுக்கு ஏறும். கல்லீரலில் கொழுப்பு படிந்தாலும் ஏறும். அதனால் அது தனியாக ஏறினால், காரணம் பலவாக இருக்கலாம். மதுவால் ஏறும்போது, ஏ.எல்.பி பெரும்பாலும் நார்மலாகவோ சற்றே கூடியோதான் இருக்கும். இவருக்கு ஏ.எல்.பி மூன்று மடங்குக்கு மேல்.

ஆக, ஒன்று மற்றொன்றின் சந்தேகத்தைத் தீர்க்கிறது. ஜி.ஜி.டி வந்து ``எலும்பு இல்லை" என்கிறது. ஏ.எல்.பி வந்து ``வெறும் மதுவாக இருக்க வாய்ப்பு குறைவு" என்கிறது. இரண்டும் சேர்ந்து கைகாட்டும் இடம், பித்தநீர் ஓடும் பாதை.

வாய்க்கால் அடைத்தால்...

கல்லீரல் பித்தநீரைச் சுரந்துகொண்டே இருக்கிறது. கல்லீரல் செல்களுக்கு இடையில் மயிரிழை போன்ற ஓடைகள். அவை சேர்ந்து சின்னக் குழாய்கள். அவையெல்லாம் சேர்ந்து ஒரு பெரிய பித்தக்குழாய். அது கணையத்தின் தலைப்பகுதி வழியாக இறங்கி, சிறுகுடலின் தொடக்கத்தில் திறக்கிறது. பித்தப்பை என்பது நடுவில் கிளையாகத் தொங்கும் ஒரு சேமிப்புப் பை.

வயலுக்குத் தண்ணீர் போகும் வாய்க்காலில் அடைப்பு விழுந்தால், முதலில் தெரிவது அடைப்பு விழுந்த இடத்தில் அல்ல. தண்ணீர் எதிர்த்து நின்று, மேல்மடையில்தான் மட்டம் ஏறும். பித்தக்குழாயிலும் அப்படித்தான். கீழே அடைபட்டால் மேலே கல்லீரல் செல்களின் ஓரத்தில் பித்தநீர் தேங்குகிறது. அந்தத் தேக்கம், செல்களை ஏ.எல்.பியைக் கூடுதலாக உற்பத்தி செய்ய வைக்கிறது. அது ரத்தத்தில் கலக்கிறது. ஜி.ஜி.டியும் கூடவே ஏறுகிறது. பித்தநீரில் போக வேண்டிய பொருட்கள் ரத்தத்தில் தங்கிவிடுவதால்தான் அரிப்பும் வருகிறது. தடிப்பே இல்லாமல், ராத்திரியில், உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் அதிகமாக வரும் அரிப்பு, பித்தநீர்த் தேக்கத்துக்கே உரிய அடையாளம்.

கல்லீரல் செல்லே நேரடியாக அடிபட்டால் கதை வேறு. செல் உடையும்போது அதன் உள்ளே இருக்கும் எஸ்.ஜி.பி.டி, எஸ்.ஜி.ஓ.டி ஆகிய நொதிகள் கொட்டுகின்றன. வைரஸ் கிருமியால் வரும் மஞ்சள் காமாலையில், இவை ஆயிரத்தைத் தாண்டும்.

டாக்டரம்மா பிரிஸ்க்ரிப்ஷன் தாளின் பின்பக்கத்தில் ஒரு சின்னக் கணக்குப் போட்டுக் காட்டினார். இவருடைய எஸ்.ஜி.பி.டி 84. அந்த லேபில் 40 வரை நார்மல். 84-ஐ 40-ஆல் வகுத்தால் 2.1 மடங்கு. ஏ.எல்.பி 412. அதை 130-ஆல் வகுத்தால் சுமார் 3.2 மடங்கு. இப்போது முதல் மடங்கை இரண்டாவது மடங்கால் வகுக்க வேண்டும். 2.1-ஐ 3.2-ஆல் வகுத்தால், சுமார் 0.66.

இந்த விடை 2 அல்லது அதற்குக் கீழே என்றால் பிரச்னை பித்தநீர்ப் பாதையில். 5 அல்லது அதற்கு மேலே என்றால் கல்லீரல் செல்லில். நடுவில் என்றால் இரண்டும் கலந்தது. ஒப்பிட, வைரஸ் காமாலை வந்த ஒருவருக்கு எஸ்.ஜி.பி.டி 1,600, ஏ.எல்.பி 160 என்று வைத்துக்கொள்வோம். அதே கணக்கைப் போட்டால் விடை முப்பதைத் தாண்டும். 0.66 எங்கே, முப்பது எங்கே!

``நான் சர்ட்டிஃபிகேட் தர முடியாதும்மா"

இவ்வளவு நேரமும் பேசாமல் இருந்த அம்மா அப்போதுதான் வாய் திறந்தார். ``அப்ப இவர் குடிக்கலைன்னு இதுல தெரியுதா டாக்டர்?"

அந்த அறையில் எல்லோரும் எதிர்பார்த்தது `ஆமாம்' என்ற ஒரு சொல்லை. டாக்டரம்மா அதைச் சொல்லவில்லை.

``இந்தப் பேப்பரை வெச்சு ஒருத்தர் குடிக்கலைன்னு நான் சர்ட்டிஃபிகேட் தர முடியாதும்மா. ஆனா, இந்த 486-ஐ விளக்க குடி தேவையே இல்லை. அடைப்பு ஒண்ணே போதும். குடியைக் காட்டுற மத்த விஷயங்களும் இதுல இல்லை. குடியால கல்லீரல் கெட்டா எஸ்.ஜி.ஓ.டி, எஸ்.ஜி.பி.டி-யைவிட ரெண்டு மடங்கு இருக்கிறதைப் பார்ப்போம். இவருக்கு 68, 84. சின்னது பெரிசாவும், பெரிசு சின்னதாவும் இருக்கு. ரத்தச் சிவப்பணுவோட அளவும் நார்மல். முதல்ல அடைப்பு எங்கேன்னு பார்ப்போம். அதை எடுத்தப்புறம் இந்த எண் என்ன ஆகுதுன்னு பாருங்க. அதுவே உங்களுக்குச் சொல்லும்."

பிறகு அவரிடம் சில கேள்விகள் கேட்டார். சிறுநீர் கடுந்தேநீர் நிறத்தில் போகிறதா? ஆமாம், சில நாள்களாக. மலம் வெளிறியிருக்கிறதா? அதைக் கவனிக்கவில்லை. சாப்பிட்டபின் மேல்வயிற்றில் வலி வருமா? ``பிரியாணி சாப்பிட்டா கேஸ் பிடிக்கும். ஒரு மணி நேரம் முதுகு வரைக்கும் இழுக்கும். சோடா குடிச்சா போயிடும்." அது கேஸ் அல்ல. கொழுப்பு சாப்பிட்டதும் பித்தப்பை சுருங்கும்போது, உள்ளே இருந்த கல் கொடுத்த வலி. பிலிருபின் 1.9. கண்ணில் மஞ்சள் இன்னும் தெளிவாகத் தெரியாத அளவு.

இரண்டு எண்களால் சொல்ல முடியாதது

ஏ.எல்.பியும் ஜி.ஜி.டியும் சேர்ந்து ஏறினால் தெருவின் பெயர் தெரிந்துவிடும். வீட்டு எண் தெரியாது. அடைப்பு பெரிய குழாயில் கல்லாக இருக்கலாம். குழாய் சுருங்கியிருக்கலாம். கணையத்தின் தலையில் வளரும் கட்டி குழாயை நெரித்துக்கொண்டிருக்கலாம். பெரிய குழாய் திறந்தே இருந்து, கல்லீரலுக்குள் இருக்கும் சின்னக் குழாய்களை உடலின் எதிர்ப்பு சக்தியே அரித்துக்கொண்டிருக்கலாம்; நடுவயதுப் பெண்களுக்கு அரிப்போடு தொடங்கும் ஒரு நோய் அப்படிப்பட்டது. சில ஆன்டிபயாடிக் மாத்திரைகளாலும் பித்தநீர் தேங்கும். சாப்பிடும் மருந்துகளின் பட்டியலை டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும் என்பது இதனால்தான்.

ஆகவே அடுத்த படி ஸ்கேன். அல்ட்ராசவுண்டில் பித்தப்பையில் சின்னச் சின்னக் கற்கள் தெரிந்தன. பெரிய பித்தக்குழாய் 11 மில்லிமீட்டர் அகலம். வழக்கமாக 6 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். வயதானால் கொஞ்சம் கூடலாம், இவ்வளவு கூடாது. ஆனால், குழாய்க்குள் கல் தெரியவில்லை. ரிப்போர்ட்டில் `குழாயின் கீழ்ப்பகுதி தெளிவாகத் தெரியவில்லை' என்று எழுதியிருந்தார்கள்.

இந்த வரியைப் பலர் `கல் இல்லை' என்று படித்துவிடுகிறார்கள். குழாயின் கீழ்முனைக்கு முன்னால் குடல் இருக்கிறது. குடலில் காற்று இருக்கிறது. அல்ட்ராசவுண்டின் ஒலி அலை காற்றைத் தாண்டிப் போகாது. கல் போய் உட்காருவதோ பெரும்பாலும் அந்தக் கீழ்முனையில். அதனால் குழாய் விரிந்திருந்து, எண்களும் ஏறியிருந்தால், அல்ட்ராசவுண்டோடு நிற்கக் கூடாது. எம்.ஆர்.சி.பி எனும் ஸ்கேன் எடுக்க வேண்டும். இது பித்தக்குழாய்களை வெள்ளை வேர்போலப் படமாக்கிக் காட்டும் எம்.ஆர்.ஐ.

இவருக்கு அந்த வெள்ளை வேரின் அடியில் ஒரு கறுப்புப் புள்ளி. 9 மில்லிமீட்டர் கல்.

இடையில் வந்த கீழாநெல்லி

கல் என்று தெரிந்ததும் உறவுக்காரர்கள் போன் செய்தார்கள். ``காமாலைதான? கீழாநெல்லி அரைச்சுக் கொடுங்க. ஆஸ்பத்திரிக்கு எதுக்கு?" என்றார் அவருடைய அக்கா. அம்மாவுக்கும் அந்த எண்ணம் ஒரு நாள் வந்தது. மகள்தான், ``அத்தை, வாய்க்கால்ல கல்லு கிடக்கு. வயலுக்கு மருந்தடிச்சா கல்லு நகருமா?" என்று கேட்டார்.

வைரஸ் காமாலை பலருக்குத் தானாகவே சரியாகும். அந்த நேரத்தில் எதைக் குடித்திருந்தாலும், அதுதான் குணப்படுத்தியது என்று தோன்றும். குழாயில் மாட்டிய கல் அப்படிக் காத்திருக்க விடாது. தேங்கிய பித்தநீரில் கிருமி சேர்ந்தால் சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்தாகலாம். அடைப்பு இருப்பவருக்கு நடுக்கத்தோடு காய்ச்சல், மஞ்சள் நிறம், வலது மேல்வயிற்றில் வலி மூன்றும் சேர்ந்தால், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. டாக்டரம்மா அதை ஒரு தாளில் எழுதி அம்மாவிடம் கொடுத்தார். அம்மா அதை ஃபிரிட்ஜின் மேல் ஒட்டிவைத்தார்.

கல் வெளியே வந்த நாள்

கல்லை எடுக்கும் முறைக்குப் பெயர் ஈ.ஆர்.சி.பி. அதற்கு முன்பு ரத்தம் உறையும் நேரத்தைப் பார்த்தார்கள். பித்தநீர் குடலுக்குப் போகாவிட்டால் வைட்டமின் கே உடலில் சேராது. அது இல்லாவிட்டால் ரத்தம் உறையத் தாமதமாகும். இவருக்கு உறையும் நேரம் கொஞ்சம் கூடியிருந்ததால், ஊசி போட்டுச் சரிசெய்தார்கள்.

மயக்க மருந்து கொடுத்து, வாய் வழியாகக் கேமரா பொருத்திய குழாயை சிறுகுடல் வரை செலுத்தினார்கள். பித்தக்குழாய் திறக்கும் சின்ன வாயைக் கொஞ்சம் அகலப்படுத்தி, உள்ளே ஒரு பலூனை அனுப்பி, கல்லுக்கு மேலே ஊதி, கீழே இழுத்தார்கள். கல் குடலுக்குள் விழுந்தது. வயிற்றில் தையல் எதுவும் இல்லை. இந்த முறையில் சிலருக்குக் கணையத்தில் வீக்கம் வருவதுண்டு. அதனால் ஒரு நாள் ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்துவிட்டு அனுப்பினார்கள்.

அன்றிலிருந்து மூன்றாம் ராத்திரி, குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் கேட்கவில்லை. அம்மாதான் விழித்திருந்து கவனித்தார்.

பித்தப்பையில் இன்னும் கற்கள் இருந்தன. அவை மறுபடியும் குழாய்க்குள் இறங்கலாம். அதனால் அடுத்த வாரமே லேப்ராஸ்கோப்பி மூலம் பித்தப்பையையும் எடுத்துவிட்டார்கள்.

இறங்கும் எண்கள்

மூன்று வாரம் கழித்து ரத்தப் பரிசோதனை. பிலிருபின் நார்மல். ஏ.எல்.பி 196. ஜி.ஜி.டி 230.

அம்மாவின் முகம் மறுபடியும் மாறியது. கல்தான் போய்விட்டதே, 60-க்குள் வந்திருக்க வேண்டாமா? இன்னும் 230 ஏன்?

இதையும் டாக்டரம்மாதான் சொன்னார். ரத்தத்தில் ஏற்கெனவே சேர்ந்துவிட்ட நொதிகள் உடனே மறையாது. ஏ.எல்.பி பாதியாகக் குறையவே சுமார் ஒரு வாரம் ஆகும். ஜி.ஜி.டி இன்னும் சோம்பேறி; பாதியாகக் குறைய இரண்டு மூன்று வாரங்கள்கூட ஆகும். 486 மூன்று வாரத்தில் 230 ஆனது தாமதம் இல்லை. வரவேண்டிய வேகத்தில்தான் வருகிறது. குறையாமல் நின்றாலோ, குறைந்து மறுபடியும் ஏறினாலோதான் யோசிக்க வேண்டும். குழாயில் இன்னொரு கல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இதற்கு நேர்மாறான இன்னொரு விஷயத்தையும் அவர் சொன்னார். கல் திடீரென்று மாட்டும் முதல் நாளில், ஏ.எல்.பி இன்னும் ஏறாமல் இருக்கலாம். செல்கள் ஏ.எல்.பியைக் கூடுதலாகத் தயாரிக்க ஒன்றிரண்டு நாள் ஆகும். அந்த முதல் சில மணி நேரங்களில், எஸ்.ஜி.பி.டிதான் நூற்றுக்கணக்கில் துள்ளும். வைரஸ் காமாலைபோலவே தோன்றும். கடும் வலியோடு வருபவருக்கு ஏ.எல்.பி நார்மல் என்று கல்லை ஒதுக்கிவிடாமல், இரண்டு நாள் கழித்து மறுபடியும் பார்ப்பது இதனால்தான்.

மூன்றாவது மாத இறுதியில் கடைசிப் பரிசோதனை. இந்த முறை ரிப்போர்ட்டை வாங்க அம்மாவே லேபுக்குப் போனார். அங்கேயே நின்று பிரித்துப் பார்த்தார். எந்த வரி எங்கே இருக்கும் என்று இப்போது அவருக்குத் தெரியும். முதலில் ஏ.எல்.பி. 104. பிறகு இரண்டு வரி கீழே. ஜி.ஜி.டி 46.

கல் போன பிறகு இந்த எண் இப்படி இறங்கியதால், அதை ஏற்றியது கல்தான் என்பது அவருக்குப் புரிந்தது. லேப் பையனிடம், ``தம்பி, அன்னைக்கு நீ ஒரு வரியை மட்டும் பார்த்துச் சொன்ன. இனிமே யாருக்கும் அப்படிச் சொல்லாத" என்றார். அவன் விழித்தான்.

வீட்டுக்கு வந்தபோது அவர் திண்ணையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அம்மா ரிப்போர்ட்டை நீட்டினார். அவர் கண்ணாடியைப் போட்டு 46-ஐப் பார்த்தார். மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

``டிரம்முல தேடினதை மறந்துடுங்க" என்றார் அம்மா.

``தேடுற மாதிரி நடந்தவன் நான்தான" என்றார் அவர்.

அம்மா ரிப்போர்ட்டை ரேஷன் கார்டு வைக்கும் பைக்குள் வைத்துவிட்டு, உலை வைக்க உள்ளே போனார். அன்றைக்கு ராத்திரி தட்டை வைத்துவிட்டு எழுந்து போகவில்லை. எதிரிலேயே உட்கார்ந்தார்.